காரணம் எழுத ஒரு கட்டம்

அந்த மருத்துவமனையில் ஆயிரம் பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள். அதில் பாதிப் பேரை உள்ளே கொண்டுவந்தவள் ஒருத்திதான். ஆளெடுப்பு அக்கா என்று சொன்னால் காவலாளி முதல் கண் டாக்டர் வரைக்கும் தெரியும். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாரும் அங்கே இல்லை.

அவளுடைய அறை தரைத்தளத்தில், பின்பக்கம் இருந்தது. நோயாளிகளின் அழுக்குத் துணி ஏற்றிய வண்டிகள் அந்த வாசல் வழியாகத்தான் சலவைக்குப் போகும். வண்டி வரும் சத்தம் கேட்டதும் வேலை கேட்டு வந்திருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். அக்கா பொத்த மாட்டாள். "பழகிப் போச்சு" என்பாள்.

இருபத்தொன்பது வயதில் அங்கே டைப் அடிக்கச் சேர்ந்தாள். அப்போது அவள் வேலையே வேண்டாம் கடிதம் அடிப்பதுதான். "தங்கள் விண்ணப்பத்தை மிகக் கவனமாகப் பரிசீலித்தோம்" என்று ஒரு நாளைக்கு அறுபது தடவை அடிப்பாள். அந்த விண்ணப்பங்கள் பிரிக்கப்படாமலே மேசைக்கடியில் கட்டுக் கட்டாகக் கிடப்பதும் அவளுக்குத் தெரியும். அந்தப் பொய் அவளுக்குக் கையில் ஒட்டிய பசை மாதிரி இருந்தது. ஆளெடுக்கும் பொறுப்பு அவளிடமே வந்தபோது இரண்டு பழக்கங்களை வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்வதைத் தானே போனில் சொல்வாள். தேர்வாகாத ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதுவாள்: பெயர், ஏன் ஆகவில்லை, வேறு எதற்கு ஆகும்.

அந்த மூன்றாவது விஷயம்தான் அவளுடைய பெருமை. காவல் வேலைக்கு வந்து, ஓட முடியாது என்று தள்ளப்பட்ட ஒருவர், காத்திருந்த நேரத்தில் வராந்தாவில் இருந்த ஆக்சிஜன் சிலிண்டர்களை எண்ணி, "இதுல மூணுக்குச் சீல் இல்லம்மா" என்றார். அவரை சிலிண்டர் கிடங்குக்கு அனுப்பினாள். ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழும் ஒரு பெண்ணை வார்டு வேலைக்கு வேண்டாம் என்றார்கள். அவளை போன் இணைப்பு கொடுக்கும் அறைக்கு அனுப்பினாள். பதிமூன்று வருடத்தில் இப்படிப் பத்தொன்பது பேர். அதற்கும் ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் அந்த ஆளிடம் கேட்பாள்: "உங்க பேப்பரை இன்னொரு இடத்துல காட்டட்டுமா?" சரி என்றால் மட்டும்தான் காட்டுவாள். அந்த வேலை என்ன, எந்த நிலை, அங்கேயும் ஒரு தேர்வு உண்டு, கிடைக்காமலும் போகலாம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.

அந்த முறையை அவள் மீறியது ஒரே ஒரு தடவை. இந்தக் கதை அதைப் பற்றியது.

ரிசப்ஷனில் ஒரு இடம் காலியாக இருந்தது. ரிசப்ஷன் மேனேஜருக்கு மருத்துவமனையில் பல்வரிசை என்று பெயர். சாவு வீட்டுக்குப் போனாலும் முப்பத்திரண்டும் வெளியேதான் இருக்கும். நேர்முகத்தில் அவர் ஒரு நாடகம் வைப்பார். அவரே பதறியடித்து வந்த அப்பாவாக நடிப்பார், வந்தவர்கள் ரிசப்ஷனில் இருப்பவராக நடிக்க வேண்டும். அக்கா ஓரமாக உட்கார்ந்து குறிப்பு எடுப்பாள். கூட இரண்டு மேற்பார்வையாளர்கள் இருப்பார்கள், தலையாட்ட.

அன்றைக்கு நான்காவதாக வந்த பெண்ணுக்கு இருபத்தாறு வயது இருக்கும். பார்சல் கம்பெனி ஒன்றின் கிடங்கில் ஐந்து வருடம் முகவரி பிரித்திருக்கிறாள். கிடங்கை மூடிவிட்டார்கள். நான்கு மாதமாக வேலை இல்லை. இஸ்திரி போட்ட சட்டை, நேரான பார்வை. சிரிக்கவில்லை.

பல்வரிசை மேசையைத் தட்டிக்கொண்டு ஆரம்பித்தார். "மேடம், மேடம், என் பொண்ணு ரத்தமா வாந்தி எடுக்கறா!"

"பொண்ணு எங்க?"

"வெளிய வண்டியில."

"அவசரப் பிரிவுக்குப் போன் பண்றேன். நீங்க முதல்ல பொண்ண உள்ள கூட்டிட்டு வாங்க. பேப்பரெல்லாம் அப்புறம்."

நாடகத்தில் இந்த வசனம் கிடையாது. அவர் இரண்டு பதிவுச் சீட்டுகளை அவள் முன்னால் போட்டார். "இந்தாம்மா, பழைய சீட்டும் புதுச் சீட்டும்."

அந்தச் சீட்டுகள் உண்மையான நோயாளிகளுடையவை. நகல் எடுத்து, பெயரை மட்டும் கறுப்பு மையால் அடித்து வைத்திருந்தார். அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மேற்பார்வையாளர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

"சார், இது ரெண்டும் ஒரே ஆளா?"

"ஒரே பொண்ணுதாம்மா."

"பிறந்த தேதி ஒண்ணுதான். அம்மா பேரும் ஒண்ணு. பதிவு நம்பர் மட்டும் வேற வேற. ரத்தம் ஒண்ணுல பி பாசிட்டிவ், இன்னொண்ணுல ஓ பாசிட்டிவ். ஒரே ஆளுக்கு எப்படி சார்?"

பல்வரிசை அப்பா வேடத்தைக் கழற்றினார். "அதெல்லாம் உனக்கெதுக்கும்மா? நீ இந்நேரத்துக்கு ரெண்டு தடவை சிரிச்சிருக்கணும். தனி ரூம் வேணுமான்னு கேட்டிருக்கணும்."

"சரி சார்" என்று எழுந்து போனாள்.

கதவு முழுதாக மூடவில்லை. அதற்குள் அவர் சொன்னார்: "இந்த மூஞ்சிய முன்னாடி உக்கார வெச்சா வர்ற நோயாளி வாசலோட குணமாகி ஓடிடுவான்."

மேற்பார்வையாளர்கள் சிரித்தார்கள். அக்காவின் உதடும் பழக்க தோஷத்தில் கொஞ்சம் விரிந்தது. அதை அவளே உணர்ந்தபோது, வாய்க்குள் புழு ஒன்று நெளிந்த மாதிரி இருந்தது. மதிப்பெண் தாளில் அவர் எழுதியதைப் படித்தாள். 'முகத்தில் ஒளி இல்லை. பொதுமக்கள் பார்வைக்கு ஏற்றவர் அல்லர். பின்கட்டு வேலைக்கு வேண்டுமானால் பார்க்கலாம்.' கையெழுத்து மட்டும் கொடி கொடியாக அழகாக இருந்தது.

அவள் அந்த இரண்டு சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு நேராகக் கோப்பறைக்குப் போனாள். அங்கே தலைவருக்குப் பூட்டுச் சார் என்று பெயர். தண்ணீர் குடிக்கப் போனாலும் அலமாரியைப் பூட்டிவிட்டுப் போகிறவர். நாலு மாதமாக அவர் ஓர் ஆள் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே நோயாளி இரண்டு தடவை பதிவாகியிருந்தால் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வேலை. நிரந்தர இடம், மூன்றாம் நிலை, அறிவிப்புப் பலகையில் இன்னும் ஒட்டியிருந்தது.

பூட்டுச் சார் இரண்டு எண்களையும் கணினியில் போட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இது நிஜமாவே ரெட்டைப் பதிவு. ஒண்ணுல வீட்டுக்காரங்க வாயால சொன்னத அப்படியே ஏத்தியிருக்காங்க. ரத்தம் ஏத்தறதுக்கு முன்னாடி எப்படியும் மறுபடி சோதிப்பாங்கதான். அதுக்காக இப்படியா? யார் பாத்தது?"

"ரிசப்ஷனுக்கு வந்த பொண்ணு. வேணாம்னுட்டாங்க."

"இத நேர்முகத்துல உக்காந்தே பாத்துச்சா? அந்த மடையன் வேணாம்னானா? அனுப்பு அனுப்பு, இன்னைக்கே அனுப்பு."

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபதாவது ஆள்! மணி ஐந்தரை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நாளைக் காலை முதல் வேலையாகப் பெண்ணிடம் கேட்டுக்கொள்ளலாம், இப்போது கணினியில் மாற்றி வைத்துவிடுவோம் என்று நினைத்தாள். இரண்டு வருடத்துக்கு முன் வந்த அந்த மென்பொருளில் ஒருவரை ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டுமானால், முதல் வேலையில் 'நிராகரி' என்று அமுக்கித்தான் ஆக வேண்டும். அமுக்கினால் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேண்டாம் கடிதம் தானாகப் போகும். போகக் கூடாதென்றால் ஒரு சின்னக் கட்டத்தில் இருக்கும் குறியை எடுக்க வேண்டும். மதிப்பெண் தாள் புது வேலைக்கும் கூடவே போகக் கூடாதென்றால் இன்னொரு கட்டம். அவள் அவசரத்தில் இரண்டையும் தொடவில்லை. பையை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் காலை பஸ் தாமதம். பத்து மணிக்கு அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எதிர்ப்பக்கம் ஒரு சிரிப்பு. நல்ல சிரிப்பு இல்லை.

"ஒம்பது மணிக்கு வேணாம்னு லெட்டர். பத்து மணிக்கு வேற வேலை இருக்குன்னு போன். சரி, எவ்ளோ கட்டணும்?"

"என்னம்மா?"

"யூனிஃபார்முக்கா, டிரெயினிங்குக்கா? போன மாசம் ஒருத்தன் ஏர்போர்ட்ல வேலைன்னு சொல்லி எங்கண்ணன்கிட்ட கறந்துட்டான். அவன் குரலும் இப்படித்தான் தேன் மாதிரி இருந்துச்சு. வேற ஆளப் பாருங்க."

"ஐயோ, நான் நேத்து அந்த ரூம்ல ஓரமா உக்காந்திருந்தேனேம்மா. பச்சை நோட்டு வெச்சிருந்தேன்."

"நான் ஆஸ்பத்திரி நம்பருக்கு நானே போன் பண்ணி உங்களக் கேக்கறேன். அங்க நீங்க இருந்தா பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

ஐந்து நிமிடத்தில் போன் அறையிலிருந்து இணைப்பு வந்தது. இப்போது குரலில் சந்தேகம் இல்லை. கோபம் இருந்தது.

"இப்ப நம்பறேன். அந்த இன்னொரு சார் என் பேப்பரப் பாத்துட்டாரா?"

"பாத்திருப்பார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? வேணாம்னு முடிவு பண்ணின அப்புறம் என் பேப்பர் உங்க வீட்டுக் கறிவேப்பிலையா, யாருக்கு வேணும்னாலும் கிள்ளிக் குடுக்க?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "தப்புதான். கேட்டிருக்கணும். லெட்டர் முந்தி வந்ததும் என் தப்பு. உனக்கு வேணாம்னா இப்பவே பேப்பரத் திரும்ப எடுத்துடறேன்."

"நாளைக்கு நேர்ல வர்றேன். கண்ணால பாத்துட்டுச் சொல்றேன்."

அன்று சாயங்காலம் வீட்டில் அக்காவின் கணவர் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்.

"ஏன் மூஞ்சி கழுவாத பாத்திரம் மாதிரி இருக்கு?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்த ஆளு அப்படிச் சொன்னப்ப நீ என்ன பண்ணின?"

"என்ன பண்றது?"

"சிரிச்சியா?"

"லேசா."

அவர் காலைக் கீழே இறக்கினார். "என் பஸ்ல பசங்க வாந்தி எடுத்தா நான்தான் கழுவறேன். சோப்புப் போட்டா நாத்தம் போயிடுது. உங்க ஆபீஸ் நாத்தத்துக்குத்தான் சோப்பே கண்டுபிடிக்கல போல."

அவள் எழுந்து சோறு போடப் போனாள்.

மறுநாள் அந்தப் பெண் எட்டரைக்கே வந்துவிட்டாள். உட்காரவில்லை. அக்கா எதிரில் நின்றுகொண்டே கேட்டாள்.

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க. என்னை ஏன் வேணாம்னாங்க?"

இந்தக் கேள்விக்கு அக்காவிடம் வழவழவென்று ஒரு பதில் எப்போதும் தயார். 'உங்களைவிடப் பொருத்தமானவர்கள் வந்திருந்தார்கள்.' அது நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"நீ சிரிக்கலையாம்."

"ரத்த வாந்தி எடுக்கற பொண்ணோட அப்பன் முன்னாடியா?"

"ஆமா."

"சீ!" என்றாள் அந்தப் பெண். அதைத் தவிர அவள் எதுவும் சொல்லவில்லை. அக்காவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பிறகு அக்கா கோப்பறை வேலையைப் பற்றி விவரமாகச் சொன்னாள். நாள் முழுக்க திரை முன்னால் உட்கார வேண்டும். யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். இரண்டு பதிவுகளைச் சேர்ப்பதைவிடச் சேர்க்காமல் விடுவதற்குத்தான் தைரியம் அதிகம் வேண்டும். நிரந்தரம், மூன்றாம் நிலை, பலகையில் இருக்கிறது, நீயே படித்துக்கொள். ஒரு தேர்வு உண்டு. அந்தப் பெண் வெளியே போய்ப் பலகையில் படித்துவிட்டு வந்து, "சரி, எழுதறேன்" என்றாள்.

பூட்டுச் சார் இருபது ஜோடிப் பதிவுகளைக் கொடுத்தார். எது ஒரே ஆள், எது வேறு வேறு ஆள் என்று சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் கொடுத்தார். அவள் ஐம்பது நிமிடத்தில் முடித்தாள். பதினேழாவது ஜோடியில்தான் எல்லோரும் விழுவார்கள். ஒரே முகவரி, ஒரே பிறந்த நாள், ஒரே முதலெழுத்து. அதை அவள் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தாள்.

"இத ஏன் சேர்க்கல?" என்றார் அவர்.

"ஒண்ணுக்கு மூணு வயசுல குடல்வால் எடுத்தாச்சு சார். இன்னொண்ணுக்கு ஒம்பது வயசுல எடுத்திருக்காங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு குடல்வால் இருக்காது. ரெட்டைப் பிள்ளைங்களா இருக்கும்."

இருபதும் சரி. அவளை வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு, பூட்டுச் சார் அக்காவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அக்கா சந்தோஷமாகப் போனாள்.

"எடுத்துக்கலாம். நல்லா இருக்கு" என்றார். "ஒரு வருஷ ஒப்பந்தம். பயிற்சியாளர் நிலை."

"சார், போஸ்ட் நிரந்தரமாச்சே. மூணாம் நிலை."

"அது வெளியேருந்து நேரா வர்றவங்களுக்கு." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். பல்வரிசையின் தாள் அதில் இருந்தது. பின்கட்டு வேலைக்கு வேண்டுமானால் பார்க்கலாம். அக்கா தொடாமல் விட்ட அந்த இரண்டாவது கட்டத்தின் வேலை. "பாரு, அவன் கழிச்சுக் கட்டினது. கழிச்ச காய்க்கு முதல் விலை குடுக்கற முட்டாள் எவனாவது இருக்கானா? நாலு மாசமா வேலை இல்லன்னு வேற எழுதியிருக்கு. வாய மூடிட்டு வாங்கிக்கும்."

"இருபதுக்கு இருபது வாங்கியிருக்கா சார்."

"அதான் எடுத்துக்கறேன்னு சொல்றேனே! மிச்சமாகற நிலைய நான் வேற ஆளுக்கு வெச்சுக்கறேன். நீ போய் உன் தேன் குரல்ல சொல்லு. நிறுவனம் உங்களுக்கு இன்னொரு வாய்ப்புத் தருதுன்னு சொல்லு. அழுதுடும்."

முந்தாநாள் முகம் வெளுத்த மனிதர் இவர்தானா என்று அக்கா பார்த்தாள். பல்வரிசையாவது மூஞ்சியைத்தான் பார்த்தான். இவர் திறமையைப் பார்த்தார், எடை போட்டார், மெச்சினார், பிறகு தராசில் கட்டை விரலை வைத்தார். அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு வியர்த்தது.

அவர் ஒரு படிவத்தை நீட்டினார். அறிவித்ததைவிடக் குறைந்த நிலையில் ஆள் எடுத்தால் நிரப்ப வேண்டிய படிவம். நடுவில் ஒரு கட்டம்: 'காரணம்'. ஆளெடுப்பவர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். துறைத் தலைவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அது தணிக்கைக்குப் போகும்.

அக்கா பேனாவை எடுத்தாள். கை தானாக 'அனுபவம் போதாது' என்று எழுதப் போனது. 'அ' விழுந்துவிட்டது. பேனாவை அங்கேயே நிறுத்தினாள்.

ஏனென்றால் அந்த இரண்டு வார்த்தைகளை அவள் இதற்கு முன்பும் எழுதியிருக்கிறாள். சிலிண்டர் எண்ணியவருக்கு எழுதியிருக்கிறாள். மயங்கி விழுந்த பெண்ணுக்கு எழுதியிருக்கிறாள். யோசிக்க யோசிக்க முகங்கள் வந்தன. அந்தப் பத்தொன்பது பேரில் ஏழு பேர். ஏழு பேரும் கை கூப்பி நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள், ஒருத்தர் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். அவள் வாங்கித் தின்றாள். எங்கே வேலைக்கு ஆள் தேவையோ அங்கே தள்ளப்பட்டவர்களை மலிவாகக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறாள். அதற்கு மூன்றாவது விஷயம் என்று ஒரு நோட்டு, அதற்கு ஒரு பெருமை. அழுக்குத் துணி வண்டியின் நாற்றம் பழகிப்போனவளுக்கு இது மட்டும் எப்படித் தெரியும்? தன் மேலேயே அவளுக்குக் குமட்டியது.

'அ' என்ற எழுத்தை அடித்தாள். கட்டத்துக்குள் நிதானமாக, சின்ன எழுத்தில் எழுதினாள்:

'தேர்வில் இருபதுக்கு இருபது சரி. அனுபவம் போதுமானது. ரிசப்ஷன் வேலைக்கு வேண்டாம் என்று சொல்லப்பட்டவர் என்பதாலும், வேலை இல்லாதவர் என்பதால் மறுக்க மாட்டார் என்பதாலும் நிலை குறைக்கப்படுகிறது.'

கையெழுத்துப் போட்டு அவர் பக்கம் தள்ளினாள்.

பூட்டுச் சார் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"என்ன கூத்து இது?"

"நீங்க சொன்னதுதான் சார். ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல."

"இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? தணிக்கைக்காரன் படிச்சா என்ன நினைப்பான்?"

"என்ன நடந்துச்சோ அத நினைப்பான்."

"கொஞ்சம் நாகரிகமா எழுதத் தெரியாதா உனக்கு?"

"பதிமூணு வருஷமா நாகரிகமாத்தான் எழுதினேன்" என்றாள். "வேற காரணம் இருந்தா நீங்க எழுதுங்க சார், புதுப் படிவம் தர்றேன். என் கையெழுத்து அதுல இருக்காது. ஏன் இல்லன்னு கேட்டா சொல்லுவேன்."

"உனக்கென்ன, அந்தப் பொண்ணு சொந்தமா?"

"இல்ல சார். முந்தா நாள்தான் பாத்தேன். என்னப் பாத்தா அதுக்கு எரிச்சல்தான் வருது."

அவர் அந்தத் தாளை எட்டாக மடித்தார். பிறகு கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். கூடையைக் காலால் மேசைக்கடியில் தள்ளினார், யாராவது வந்து பொறுக்கிவிடுவார்களோ என்பது போல. திரையைத் தன் பக்கம் திருப்பி, பலகையில் இருந்த நிலையையே தட்டினார். நிரந்தரம். மூன்று.

"எடுத்துட்டுப் போ. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. இனிமே உன் கழிசடைக் கூடையிலேருந்து எனக்கு எதுவும் அனுப்பாத. எனக்கு ஆள் வேணும்னா வெளியேருந்து நேரா வரட்டும்."

"சரி சார்" என்றாள். அதற்கு விலை உண்டு என்பது அவளுக்குப் புரிந்தது. அடுத்த தடவை கோப்பறைக்கு ஏற்ற ஒரு ஆள் வந்து, வேறு வாசலில் தள்ளப்பட்டு நின்றால், இந்தக் கதவு திறக்காது.

வராந்தாவில் அந்தப் பெண் அதே இடத்தில் இருந்தாள். அக்கா நியமனத் தாளைக் கொடுத்தாள். அவள் வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். முதுகுப்பக்கம் திருப்பியும் பார்த்தாள்.

"பலகையில இருக்கறதேதான்" என்றாள்.

"அதேதான்."

"உள்ள சத்தம் கேட்டுச்சு."

"கேட்டுச்சா?"

"கழிசடைன்னு ஒரு வார்த்தை கேட்டுச்சு. என்னையா?"

அக்காவுக்கு முகம் எரிந்தது. இல்லை என்று சொல்லலாம். "உன்னத்தான். உன்ன மாதிரி நான் அனுப்பின எல்லாரையும்" என்றாள். "அவர்கிட்டதான் நீ வேலை பாக்கணும். அத யோசிச்சுக்கோ. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ரெண்டு நாள் வெச்சிருந்து சொல்லு, ஒண்ணும் அவசரமில்ல."

"எங்க போனாலும் ஒருத்தர் இருக்கத்தான் இருப்பாங்க. பார்சல் கிடங்குலயும் இருந்தாங்க. நம்பரு பொய் சொல்லாதுக்கா. நான் அதத்தான் பாக்கப் போறேன்." பேனா கேட்டாள். முழங்காலில் பையை வைத்து, அதன் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். எழுந்து நின்று, ஏதோ யோசித்தாள்.

"உங்களுக்கு நான் நன்றி சொல்லணுமா?"

"எதுக்கு? வேலை இருந்துச்சு. நீ அதுக்கு ஏத்த ஆளு. அவ்ளோதான்."

"அப்ப சொல்லல" என்றாள் அந்தப் பெண். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டாள். எட்டரை என்றதும் தலையாட்டிவிட்டு நடந்தாள்.

பத்தொன்பது பேர் கை கூப்பியபோது அக்காவுக்கு எவ்வளவோ இனித்திருக்கிறது. நன்றி சொல்லாமல் போன இந்த ஒருத்தியின் முதுகைத்தான் அவளால் கூசாமல் பார்க்க முடிந்தது. பிறகு தன் அறைக்குப் போனாள். திரையில் ரிசப்ஷன் வேலைக்குத் தேர்வாகாத மற்றவர்களின் பெயர்கள் வரிசையாக நின்றன. கடிதம் தானாகப் போகாதபடி, மூலையில் இருந்த சின்னக் கட்டத்தின் குறியை முதலில் எடுத்தாள். முதல் எண்ணுக்குப் போன் போட்டாள். எதிர்ப்பக்கம் ஓர் ஆண் குரல் ஆவலோடு "ஹலோ, சொல்லுங்க மேடம்" என்றது.

"ரிசப்ஷன் வேலை உங்களுக்குக் கிடைக்கலைங்க" என்றாள். தேன் எதுவும் கலக்காமல் சொல்லிப் பார்த்தாள். சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. "ஏன்னு சொல்றேன். கேக்கறீங்களா?"